குவாண்டம் வாயில்களின் மீள்தன்மை: யூனிட்டரி நிபந்தனையும் அதன் கணிப்பு விளைவுகளும்

சாதாரணக் கணினியின் அடிப்படை வாயில்களில் ஒன்றான ஆண்ட் வாயில் இரண்டு பிட்டுகளை வாங்கிக்கொண்டு ஒரு பிட்டைத் தருகிறது. வெளியீடு 1 என்றால் உள்ளீடுகள் இரண்டும் 1 என்று தெரிந்துவிடும். வெளியீடு 0 என்றால், உள்ளே போனது 00, 01, 10 ஆகிய மூன்றில் எது என்று சொல்ல வழியில்லை. அந்தத் தகவல் வாயிலுக்குள்ளேயே தொலைந்துவிடுகிறது. இவ்வாறு வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்ப முடியாத வாயில் மீளா வாயில் எனப்படும். 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் நாட் வாயில் மீள் வாயில். அதையே மறுமுறை செலுத்தினால் பழைய பிட் திரும்பி வந்துவிடும்.

இன்றைய கணினிகளில் இரு வகை வாயில்களும் கலந்தே இருக்கின்றன. குவாண்டம் கணினியிலோ, அளவீட்டையும் மீட்டமைப்பையும் தவிர்த்துப் பார்த்தால், எல்லா வாயில்களும் மீள் வாயில்களே. இதைப் பொறியாளர்கள் விரும்பி ஏற்ற விதி என்று எண்ணக் கூடாது. குவாண்டம் நிலைகள் எப்படி மாறுகின்றன என்பது பற்றிய இரண்டு அடிப்படை உண்மைகளிலிருந்து இது தானாகவே வந்து சேர்கிறது.

நேரியல்பும் நிகழ்தகவும்

ஒரு கியூபிட்டின் நிலையை α|0⟩ + β|1⟩ என்று எழுதுவது வழக்கம். α, β இரண்டும் கலப்பெண்கள்; இவை வீச்சுகள் எனப்படும். அளந்து பார்த்தால் 0 கிடைக்கும் நிகழ்தகவு |α|², 1 கிடைக்கும் நிகழ்தகவு |β|². இரண்டில் ஒன்று கிடைத்தே ஆக வேண்டும் என்பதால் |α|² + |β|² = 1. வடிவியல் மொழியில் சொன்னால், குவாண்டம் நிலை என்பது நீளம் 1 கொண்ட ஒரு வெக்டர்.

முதல் உண்மை, இந்த வெக்டர்கள் மாறும் முறை நேரியல்பானது. 1926-இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாடு நேரியல் சமன்பாடு. ஒரு வாயில் |0⟩-ஐ என்ன செய்கிறது, |1⟩-ஐ என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும். இரண்டும் மேற்பொருந்திய நிலையை அது என்ன செய்யும் என்பதும் தீர்மானமாகிவிடும். இரண்டாவது உண்மை, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் மொத்த நிகழ்தகவு 1 ஆகவே இருக்க வேண்டும். அதாவது வெக்டரின் நீளம் மாறக் கூடாது.

இந்த இரண்டையும் வைத்து ஆண்ட் வாயிலைச் சோதிக்கலாம். அது 00-ஐயும் 01-ஐயும் 0 ஆக்குகிறது. அதை அப்படியே குவாண்டம் வாயிலாக எடுத்துக்கொண்டால் |00⟩ → |0⟩, |01⟩ → |0⟩. இப்போது உள்ளீடாக மேற்பொருந்தல் நிலை ஒன்றைக் கொடுத்தால்:

(|00⟩ + |01⟩)/√2 → (|0⟩ + |0⟩)/√2 = √2 |0⟩

உள்ளே போன வெக்டரின் நீளம் 1. வெளியே வந்ததன் நீளம் √2. 0 கிடைக்கும் நிகழ்தகவு 2 என்று ஆகிறது. நடுவில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி இருந்தால்:

(|00⟩ − |01⟩)/√2 → (|0⟩ − |0⟩)/√2 = 0

இங்கே எதுவுமே கிடைக்காது. மொத்த நிகழ்தகவு பூஜ்யம். இரண்டுக்கும் பொருளில்லை. தனித்தனி பிட்டுகளுக்கு ஒழுங்காக வேலை செய்யும் ஒரு வாயில், மேற்பொருந்தல் நிலை வந்தவுடன் நிகழ்தகவுக் கணக்கையே உடைத்துவிடுகிறது. காரணம், வெவ்வேறான இரண்டு உள்ளீடுகளை அது ஒரே வெளியீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். அங்கே வீச்சுகள் ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன, அல்லது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

யூனிட்டரி என்பதன் பொருள்

மேற்கண்ட எடுத்துக்காட்டைப் பொதுவாகவும் நிறுவலாம். u, v என்ற இரண்டு நிலைகளை எடுத்துக்கொண்டால், u + v என்ற வெக்டரின் நீளத்தின் வர்க்கம் 2 + 2Re⟨u|v⟩. இங்கே ⟨u|v⟩ என்பது இரண்டின் உட்பெருக்கம். வாயில் எந்த வெக்டரின் நீளத்தையும் மாற்றாது என்றால், u, v, u + v ஆகிய மூன்றின் நீளங்களும் மாறாதவை. ஆகவே உட்பெருக்கத்தின் மெய்ப்பகுதியும் மாறாது. u + iv என்ற வெக்டரைக் கொண்டு இதையே செய்தால் கற்பனைப் பகுதியும் மாறாது என்று தெரியும். நீளத்தைக் காப்பாற்றும் நேரியல் மாற்றம் உட்பெருக்கங்கள் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது.

அணியாக எழுதினால் இந்த நிபந்தனை U†U = I என்று சுருங்குகிறது. U† என்பது U-வின் நிரைகளை நிரல்களாக மாற்றி, ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் இணைக் கலப்பெண்ணை இட்டுப் பெறும் அணி. இந்த நிபந்தனைக்கு உட்பட்ட சதுர அணியே யூனிட்டரி அணி. அதன் நேர்மாறு U†. நேர்மாறைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது எப்போதும் இருக்கிறது, அதுவும் ஒரு குவாண்டம் வாயில்தான். இயற்பியல் நோக்கிலும் இதைக் காணலாம். மாறாத ஆற்றல் செயலி H-இன் கீழ் t நேரம் இயங்கும் அமைப்புக்கு U = e^(−iHt/ħ). H-இன் குறியை மாற்றி அதே நேரம் இயக்கினால் பழைய நிலை திரும்பும். மீக்கடத்திக் கியூபிட்டை நுண்ணலைத் துடிப்பால் சுழற்றும் சோதனைச்சாலையில், துடிப்பின் கட்டத்தை 180 பாகை மாற்றி அனுப்பினால் சுழற்சி எதிர்த்திசையில் நடக்கிறது.

மீள்தன்மையும் யூனிட்டரி நிபந்தனையும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். |0⟩-ஐ 2|0⟩ ஆக்கி |1⟩-ஐ அப்படியே விடும் மாற்றத்துக்கு நேர்மாறு உண்டு. ஆனால் நீளம் மாறுவதால் அது யூனிட்டரி அன்று, குவாண்டம் வாயிலும் அன்று. யூனிட்டரி என்பது கடுமையான நிபந்தனை. மீள்தன்மை அதன் விளைவுகளில் ஒன்று. மற்றொரு விளைவு, உட்பெருக்கம் மாறாததால் இரண்டு நிலைகள் எவ்வளவு வேறுபட்டிருந்தனவோ அதே அளவு வேறுபட்டே தொடர்கின்றன. வாயில்களால் அவற்றை நெருங்கச் செய்யவும் முடியாது, விலகச் செய்யவும் முடியாது.

வெப்பத்திலிருந்து தொடங்கிய வரலாறு

மீள்கணிப்பு பற்றிய ஆய்வு குவாண்டம் கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைத் தூண்டியது வெப்பம். ஐபிஎம் நிறுவனத்தின் ரோல்ஃப் லாண்டவர் 1961-இல், ஒரு பிட் தகவலை அழிக்கும்போது குறைந்தது kT ln 2 அளவு ஆற்றல் வெப்பமாகச் சுற்றுப்புறத்துக்குப் போயாக வேண்டும் என்று காட்டினார். அறை வெப்பநிலையில் இது சுமார் 2.9 × 10⁻²¹ ஜூல். எதையும் அழிக்காமல் கணக்கிட முடியுமா என்ற கேள்வி இதிலிருந்து பிறந்தது. முடியும் என்று அதே நிறுவனத்தின் சார்ல்ஸ் பென்னட் 1973-இல் நிறுவினார். எந்தக் கணக்கையும் மீள் படிகளாகவே எழுதலாம். இடையில் சேரும் குறிப்புகளைக்கூடக் கடைசியில் அழிக்காமலே நீக்கிவிடலாம்.

1980-இல் டொமாசோ டொஃபோலி முன்வைத்த மூன்று பிட் வாயில் இதற்கான அடிப்படைக் கருவியாக அமைந்தது. அது (a, b, c)-ஐ (a, b, c ⊕ ab) ஆக்குகிறது. முதல் இரண்டு பிட்டுகளும் 1 ஆக இருந்தால் மட்டும் மூன்றாவது பிட் புரளும். இல்லையேல் எதுவும் மாறாது. இதை இருமுறை செலுத்தினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். c = 0 என்று வைத்துத் தொடங்கினால் மூன்றாவது பிட்டில் a, b இரண்டின் ஆண்ட் கிடைக்கும். c = 1 என்று தொடங்கினால் நேண்ட் கிடைக்கும். நேண்ட் வாயிலை மட்டும் கொண்டு எந்தத் தர்க்கச் சுற்றையும் அமைக்கலாம் என்பதால், சாதாரணக் கணினி செய்யும் எல்லாவற்றையும் டொஃபோலி வாயில்களும் போதிய துணை பிட்டுகளும் செய்துவிடும்.

இந்த வாயில் எட்டு உள்ளீடுகளை எட்டு வெளியீடுகளுக்கு ஒன்றுக்கு ஒன்றாக இடம் மாற்றுகிறது. இடமாற்று அணிகள் எல்லாம் யூனிட்டரி அணிகளே. எனவே வெப்பத்தைக் குறைக்க உருவான இந்தக் கருவி குவாண்டம் சுற்றுக்கும் அப்படியே பொருந்தியது. குவாண்டம் கணினியால் சாதாரணக் கணினியின் வேலையைச் செய்ய முடியுமா என்ற ஐயம் இதனால் தீர்ந்தது. f என்ற எந்தச் சார்பையும் |x⟩|y⟩ → |x⟩|y ⊕ f(x)⟩ என்ற வடிவில் யூனிட்டரி ஆக்கலாம். x அப்படியே இருப்பதால் எந்த இரண்டு உள்ளீடுகளும் ஒரே வெளியீட்டில் மோதுவதில்லை.

குப்பை பிட்டுகளும் குறுக்கீட்டு விளைவும்

மீள் சுற்றில் இடைவிடைகளை அழிக்க முடியாது. அவை துணை பிட்டுகளில் தேங்குகின்றன. இவற்றைக் குப்பை பிட்டுகள் என்பர். சாதாரணக் கணினியில் இவை இடத்தை அடைப்பதோடு சரி. குவாண்டம் கணினியில் இவை விடையையே கெடுத்துவிடும்.

மிகச் சிறிய சுற்று ஒன்றிலேயே இதைப் பார்க்கலாம். ஹடமார்டு வாயில் |0⟩-ஐ (|0⟩ + |1⟩)/√2 ஆகவும், |1⟩-ஐ (|0⟩ − |1⟩)/√2 ஆகவும் மாற்றுகிறது. |0⟩-இல் தொடங்கி இதை இருமுறை செலுத்தினால், |1⟩-க்குப் போகும் இரண்டு பாதைகளின் வீச்சுகள் +½, −½ என்று வந்து ஒன்றையொன்று அழிக்கும். |0⟩-க்குப் போகும் பாதைகள் கூடும். எனவே அளந்தால் எப்போதும் 0. இதுவே குறுக்கீட்டு விளைவு. குவாண்டம் நெறிமுறைகளின் வேகம் முழுவதும் இதைச் சார்ந்தது.

இப்போது இரண்டு ஹடமார்டுகளுக்கும் நடுவே ஒரு சி-நாட் வாயிலைச் செருகலாம். அது முதல் கியூபிட்டின் மதிப்பை, |0⟩-இல் இருக்கும் துணைக் கியூபிட்டில் பதிக்கிறது. நிலை (|00⟩ + |11⟩)/√2 ஆகிறது. முதல் கியூபிட்டில் இரண்டாவது ஹடமார்டைச் செலுத்தினால் கிடைப்பது:

½ (|00⟩ + |10⟩ + |01⟩ − |11⟩)

|10⟩, |11⟩ இரண்டிலும் முதல் கியூபிட் 1 என்றாலும், துணைக் கியூபிட் வெவ்வேறாக இருப்பதால் +½-உம் −½-உம் ஒன்றையொன்று அழிக்க முடியவில்லை. முதல் கியூபிட்டை அளந்தால் 0, 1 இரண்டும் சம வாய்ப்பில் வரும். துணைக் கியூபிட்டை யாரும் அளக்கவில்லை. அதில் ஒரு பதிவு இருப்பதே குறுக்கீட்டைக் கலைக்கப் போதுமாகிவிட்டது. இரண்டாவது ஹடமார்டுக்கு முன் அதே சி-நாட் வாயிலை மறுமுறை செலுத்தினால் துணைக் கியூபிட் |0⟩-க்குத் திரும்பும், முதல் கியூபிட்டில் பழையபடி எப்போதும் 0 வரும்.

ஆகவே குப்பையை நீக்குவது குவாண்டம் சுற்றில் கட்டாயம். அதற்கு வழி பென்னட் காட்டியதே: கணக்கிடு, விடையைத் தனி இடத்தில் பதி, கணக்கைப் பின்னோக்கி ஓட்டு. a, b, c என்ற மூன்று பிட்டுகளின் ஆண்ட் வேண்டுமென்றால் முதல் டொஃபோலி வாயில் ab-ஐத் துணைக் கியூபிட் w-இல் எழுதும். இரண்டாவது, w-ஐயும் c-ஐயும் கொண்டு விடைக் கியூபிட்டில் abc-ஐ எழுதும். மூன்றாவது, முதல் படியையே மறுபடி செய்து w-ஐ 0 ஆக்கும். விடைக்கு இரண்டு வாயில்கள், துப்புரவுக்கு ஒன்று. முன்னோக்கிய கணக்கின் ஒவ்வொரு வாயிலுக்கும் நேர்மாறு உண்டு என்பதால்தான் இந்தத் துப்புரவு எப்போதும் சாத்தியமாகிறது.

பெருக்கலை மீள்செயலாக்குதல்: 15-ஐக் காரணிப்படுத்தும் கணக்கு

பீட்டர் ஷோர் 1994-இல் வெளியிட்ட காரணிப்படுத்தும் நெறிமுறை இந்த நிபந்தனைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. N என்ற எண்ணின் காரணிகளைக் காண, a என்ற எண்ணைத் தேர்ந்து, அதன் அடுக்குகளை N-ஆல் வகுத்து மீதி எப்போது 1 ஆகிறது என்று பார்க்க வேண்டும். N = 15, a = 7 என்றால் மீதிகள் 7, 4, 13, 1 என்று வரும்; நான்காவது அடுக்கில் சுழற்சி முடிகிறது. அதில் பாதியான 7²-இன் மீதி 4. 4 − 1 = 3, 4 + 1 = 5; இரண்டும் 15-இன் காரணிகள்.

இதற்குத் தேவையான வாயில் |y⟩ → |7y mod 15⟩. இது யூனிட்டரியா? 7-உம் 15-உம் சார்பகா எண்கள் என்பதால் 0 முதல் 14 வரையுள்ள எண்களை இது இடம் மாற்றி மட்டுமே வைக்கிறது. நான்கு கியூபிட்டுகளில் எஞ்சும் 15-ஐ அப்படியே விட்டுவிடலாம். எனவே யூனிட்டரி. a = 3 என்று எடுத்திருந்தால் 0, 5, 10 மூன்றும் 0-இல் விழும்; ஆண்ட் வாயிலுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். நெறிமுறை இதனால் தடைப்படுவதில்லை. a-வுக்கும் N-க்கும் பொதுக் காரணி இருந்தால் தேடிய காரணி அங்கேயே அகப்பட்டுவிடும், குவாண்டம் கணக்கே தேவைப்படாது.

பெருக்கும் சுற்றை அமைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இயல்பான பெருக்கல் சுற்று விடையைப் புதிய இடத்தில் எழுதும்: |y⟩|0⟩ → |y⟩|7y⟩. பழைய y குப்பையாக நிற்கிறது. அதை நீக்க 7-இன் நேர்மாறு உதவுகிறது. 7 × 13 = 91; 15-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 13-ஆல் பெருக்குவது 7-ஆல் பெருக்கியதைத் திருப்புகிறது. இரண்டு பதிவேடுகளையும் இடம் மாற்றி, முதலாவதை 13-ஆல் பெருக்கி வரும் மீதியை இரண்டாவதிலிருந்து கழித்தால் அது 0 ஆகும். y = 2 என்றால் 7y = 14. 13 × 14 = 182; மீதி 2. இரண்டாவது பதிவேட்டில் இருந்த 2-இலிருந்து 2-ஐக் கழிக்க, 0. பழைய மதிப்பை அழிக்கவில்லை. அது புதிய மதிப்பிலிருந்தே பெறக்கூடியது என்பதால் கழித்து நீக்கப்பட்டது.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? n பிட் எண்ணுக்கு ஷோர் நெறிமுறையில் சுமார் 2n பெருக்கல்கள் உண்டு. ஒவ்வொன்றும் n கியூபிட் குப்பையை விட்டுச் சென்றால் 2048 பிட் எண்ணுக்குக் குப்பை மட்டும் 80 லட்சம் கியூபிட்டுகளைத் தாண்டும். அதைவிடப் பெரிய கேடு, எந்தப் பெருக்கல் நடந்தது, எது நடக்கவில்லை என்ற தடயம் குப்பையில் நிற்பதால் சுழற்சியைக் கண்டறியும் குறுக்கீடு கலைந்துபோகும். துப்புரவோடு அமைக்கப்பட்ட சுற்றுகளில், 2003-இல் ஸ்டெஃபான் போரிகார் வெளியிட்டது 2n + 3 கியூபிட்டுகளில் முடிகிறது. 2048 பிட்டுக்கு 4099. இவை பிழையற்றவை என்று கொள்ளப்படும் கியூபிட்டுகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மீள்தன்மையின் விலை

T படிகளும் S அளவு நினைவிடமும் கொண்ட ஒரு கணக்கை மீள் வடிவில் எழுதும் எளிய வழி, ஒவ்வொரு படியின் குறிப்பையும் வைத்திருந்து கடைசியில் திரும்பி ஓடுவது. நேரம் சுமார் இரு மடங்காகும். நினைவிடமோ T-யின் அளவுக்குப் பெருகிவிடும். 1989-இல் பென்னட் வேறொரு வழியைக் காட்டினார். கணக்கைத் துண்டுகளாகப் பிரித்து, சில இடைநிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உடனுக்குடன் பின்னோக்கி ஓட்டி நீக்க வேண்டும். பிறகு தேவைப்படும்போது அவற்றை மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம். இதனால் நினைவிடம் S log T அளவுக்குச் சுருங்கும். நேரம் T-ஐவிடச் சற்றே உயர்ந்த அடுக்கில், T^(1+ε) என்று வளரும். இடத்தையும் நேரத்தையும் இப்படி ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதே குவாண்டம் சுற்று அமைப்பவர்களின் அன்றாட வேலையாக இருக்கிறது.

முடியாதவை

உட்பெருக்கம் மாறாது என்பது சில செயல்களுக்குக் கதவை மூடுகிறது. முதலாவது நகலெடுத்தல். தெரியாத நிலை ஒன்றை நகலெடுக்கும் வாயில் இருந்தால், u, v என்ற இரண்டு நிலைகளின் உட்பெருக்கம் நகலெடுத்த பின் அதன் வர்க்கமாக ஆக வேண்டும். ஓர் எண்ணும் அதன் வர்க்கமும் சமமாக இருப்பது 0 அல்லது 1-க்கு மட்டுமே. ஆகவே முற்றிலும் வேறுபட்ட நிலைகளையோ ஒரே நிலையையோ தவிர எதையும் ஒரே வாயிலால் நகலெடுக்க முடியாது. வூட்டர்ஸும் சூரெக்கும், தனியாக டீக்ஸும் 1982-இல் இந்தத் தேற்றத்தை வெளியிட்டனர். பென்னட்டின் துப்புரவில் விடையைத் தனி இடத்தில் பதிப்பது இதற்கு முரணன்று. அங்கே பதிவாவது 0, 1 என்ற அடிப்படை நிலைகளின் மதிப்பே.

இரண்டாவது தேடலின் எல்லை. ஒழுங்கற்ற N பொருள்களில் குறித்த ஒன்றைத் தேடுவதற்கு லவ் குரோவரின் 1996 நெறிமுறை √N அளவு கேள்விகள் கேட்கிறது. இதைவிடக் கணிசமாகக் குறைக்க முடியாது என்பதைப் பென்னட், பெர்ன்ஸ்டைன், பிராசார்ட், வசிரானி ஆகியோர் 1997 கட்டுரையில் நிறுவினர். விடை வெவ்வேறு இடங்களில் இருக்கும் இரண்டு தேடல்கள் ஒரே நிலையில் தொடங்குகின்றன. கேள்விகளுக்கு இடையே வரும் வாயில்கள் எத்தனை இருந்தாலும் அவற்றால் அந்த நிலைகளைப் பிரிக்க முடியாது. பிரிப்பது கேள்வி மட்டுமே, அதுவும் சிறிதளவே. நேரியல்பு மீறப்பட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். குவாண்டம் இயக்கத்தில் நேரியல்பற்ற பகுதி ஒன்று இருந்தால் என்பி-முழுமைக் கணக்குகளையும் விரைந்து தீர்க்கலாம் என்று ஏப்ரம்ஸும் லாய்டும் 1998-இல் காட்டினர்.

அளவீடு, மீட்டமைப்பு, பிழை

யூனிட்டரி நிபந்தனை வெளியுலகோடு தொடர்பற்ற அமைப்புக்கு உரியது. அளவீடு மேற்பொருந்தல் நிலையைக் கலைக்கிறது. மீட்டமைப்பு எந்த நிலையையும் |0⟩ ஆக்குகிறது. இரண்டுமே கியூபிட்டை மட்டும் பார்த்தால் மீளாச் செயல்கள். 1955-இல் வந்த ஸ்டைன்ஸ்ப்ரிங்கின் தேற்றம் இவற்றையும் பொதுவிதிக்குள் கொண்டுவருகிறது: இத்தகைய எந்தச் செயலையும் கியூபிட்டும் சுற்றுப்புறமும் சேர்ந்த பெரிய அமைப்பின் யூனிட்டரி மாற்றமாக எழுதி, சுற்றுப்புறத்தைக் கணக்கில் விட்டுவிட்டதாகக் கொள்ளலாம். தகவல் அழிவதில்லை, இடம் மாறுகிறது. இரைச்சலால் கியூபிட் சிதைவதும் இதுவே. மேலே கண்ட துணைக் கியூபிட்டின் இடத்தில் சுற்றுப்புறம் இருக்கிறது. வேறுபாடு, அந்தச் சி-நாட் வாயிலைப் போலச் சுற்றுப்புறத்தைப் பின்னோக்கி ஓட்ட முடியாது. அதனால் பிழைதிருத்தத்துக்கு மீளாச் செயல் தேவைப்படுகிறது. பிழையின் தடயத்தைத் துணைக் கியூபிட்டுகளுக்கு மாற்றி, அவற்றை அளந்து, மீட்டமைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். லாண்டவர் கணக்கிட்ட வெப்பம் இங்கே திரும்பி வருகிறது.

வாயில்கள் எந்த அளவுக்கு யூனிட்டரியாக நடக்கின்றன என்பதைச் சோதிக்க மீள்தன்மையே கருவியாகிறது. சுற்றை ஓட்டி, உடனே அதன் நேர்மாறையும் ஓட்டினால் எல்லாக் கியூபிட்டுகளும் |0⟩-க்குத் திரும்ப வேண்டும். சுற்று நீள நீளத் திரும்பும் விகிதம் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து வாயிலின் பிழை மதிப்பிடப்படுகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. ஒரு வாயில் எப்போதும் சற்றே கூடுதலாகச் சுழற்றினால், நேர்மாறும் அதே அளவு கூடுதலாக எதிர்த்திசையில் சுழற்றும், பிழை மறைந்துவிடும். அது யூனிட்டரியான பிழை. ஆகவே வாயில்களைத் தற்செயலாக மாற்றி மாற்றித் தேர்ந்து, அவை அனைத்தையும் ஒருசேரத் திருப்பும் ஒரே வாயிலைக் கடைசியில் இடும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. அவ்வாறு செய்யும்போது சீரான பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள முடிவதில்லை.